வெள்ளைப் பணியாரத்தின் கலோரிக் கணக்கு

கேள்வி: "மூன்று மாதமாகச் செயலியில் தினமும் 1,500 கலோரி என்று எழுதிவருகிறேன். எடை அசையவில்லை. இடைப்பலகாரத்துக்கு நான்கு வெள்ளைப் பணியாரமோ கடைத் தேன்குழலோ உண்டு. பாக்கெட்டில் இருக்கும் எண்ணையும் செயலி சொல்லும் எண்ணையும் நம்பலாமா?" — காரைக்குடி வாசகி

பணியாரத்தில் தொடங்குவோம். செயலியில் "பணியாரம்" என்று தேடினால் பெரும்பாலும் முதலில் வருவது குழிப் பணியாரம். ஒரு குழிக்கு ஓரிரு துளி எண்ணெயில் வேகும் பண்டம் அது. உங்கள் வெள்ளைப் பணியாரமோ எண்ணெயில் முழுகி எழுகிறது. பெயர்தான் ஒன்று.

சரி, செய்முறையை நீங்களே பதிந்தால்? நான் என் வீட்டில் ஒருமுறை எடைபோட்டுப் பார்த்தேன். அரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பது நம் வழக்கம். அன்று பச்சரிசி 200 கிராம், உளுந்து 40 கிராம் வந்தது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 830 கலோரி. மாவு 24 பணியாரமாயிற்று. எண்ணெய்க்குப் பலரும் செய்வதுபோல் "இரண்டு தேக்கரண்டி" என்று எழுதியிருந்தால் ஒன்றுக்கு 38 கலோரி என்று செயலி காட்டியிருக்கும்.

ஆனால் சுடுவதற்கு முன் வாணலியை எண்ணெயோடு சமையல் தராசில் வைத்து எடை குறித்திருந்தேன். சுட்டு முடித்து, ஆறிய பிறகு மீண்டும் வைத்தால் 65 கிராம் குறைந்திருந்தது. பணியாரத்தை வடியவிட்ட தாளின் எடை 5 கிராம் கூடியிருந்தது. மீதி 60 கிராம் எண்ணெய் பணியாரத்துக்குள். கிராமுக்கு 9 வீதம் 540 கலோரி. மொத்தம் 1,370, ஒன்றுக்கு 57. நான்கு பணியாரத்துக்கு நீங்கள் 152 என்று எழுதுவீர்கள், சாப்பிட்டது 228.

இந்த 60 கிராமும் நிலையான எண் அன்று. எண்ணெய் சரியாகக் காயாமல் மாவை ஊற்றினால் பணியாரம் நெடுநேரம் கிடந்து ஊறும். அதைவிட முக்கியமானது, எண்ணெயில் பெரும்பகுதி உள்ளே போவது வெளியே எடுத்த பிறகுதான். பொரியும்போது உள்ளிருந்து வரும் நீராவி எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. எடுத்ததும் சூடு தணிந்து ஆவி அடங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படுகிறது. எனவே கண்கரண்டியில் எடுத்த கையோடு வாணலிக்கு மேலேயே நன்றாக உதறி, சூடு ஆறுமுன் தாளில் ஒற்ற வேண்டும். பாத்திரத்தில் மொத்தமாகக் குவித்துவிட்டு அப்புறம் ஒற்றுவதில் பயன் குறைவு.

இனி பாக்கெட். அதிலுள்ள எண்ணும் பெரும்பாலும் கணக்குப் போட்டு வந்ததுதான்: புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4, கொழுப்பு 9. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளரின் சோதனைகளிலிருந்து பிறந்த சராசரி இது. எந்தக் கையும் ஒவ்வொரு ஈட்டையும் ஒரே மாதிரி பிழிந்து சுடுவதில்லை என்பதால், லேபிள் எண் சற்று விலகுவதைச் சட்டங்களும் பொறுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் அச்சிட்டதைவிட 20 சதவீதம் வரை கலோரி கூடுதலாக இருக்கலாம்.

தேன்குழல் போன்ற உலர்ந்த பண்டத்துக்கு ஒரு சோதனை உண்டு. 100 கிராமில் புரதம் 7, மாவுச்சத்து 62, கொழுப்பு 15, ஆற்றல் 411 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிக் கூட்டினால் 411 சரியாக வரும். ஆனால் கிராம்களைக் கூட்டினால் 84தான். மொறுமொறு தேன்குழலில் ஈரம் ஒரு 4, உப்பும் தாதுக்களும் 3, நார்ச்சத்து 3 என்று தாராளமாகக் கொடுத்தாலும் 94. மீதி 6 கிராம் எங்கே போயிற்று? பொரித்த பண்டத்தில் எனக்கு முதலில் சந்தேகம் வருவது எண்ணெய் மேல்தான். அது முழுவதும் எண்ணெயானால் 54 கலோரி கூடி 465 ஆகிறது. கூட்டல் நூற்றை நெருங்காத லேபிளை நான் ஒரு படி ஏற்றியே படிப்பேன்.

எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாய்வதில்லை. பாதாமுக்கு 28 கிராமுக்கு 170 கலோரி என்று லேபிள்கள் சொல்லிவந்தன. 2012இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் மனிதர்களை வைத்து அளந்தபோது உடலில் சேர்ந்தது 129தான். முழுப் பருப்பில் கொஞ்சம் கொழுப்பு செரிக்காமலேயே வெளியேறிவிடுகிறது.

உங்கள் 1,500க்கு வருவோம். மூன்று மாதமாக எடை அசையவில்லை என்றால், உண்மையில் எத்தனை கலோரி உண்டாலும் அது உங்கள் உடல் செலவழிப்பதற்குச் சமம் என்று பொருள். அது 1,800ஆகவும் இருக்கலாம். அந்த எண் தெரிய வேண்டியதே இல்லை. இப்போது எழுதும் முறையிலேயே, அதே பதிவுகளை வைத்து, 1,300க்கு இறக்குங்கள். நடுவில் பணியாரப் பதிவை மட்டும் திருத்தினால் கணக்கு குழம்பும். திருத்துவதானால் பழைய வாரங்களுக்கும் சேர்த்துத் திருத்துங்கள். நான்கு வாரம் காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். அசையவில்லை என்றால் இன்னும் 100 குறையுங்கள், அதற்குக் கீழே போகுமுன் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள்.