சமரசத்தில் சொன்னது ஜட்ஜ் காதுக்குப் போகுமா?

கேள்வி: ஐயா, கொருக்குப்பேட்டை வீட்டுப் பாகத்துக்காகத் தம்பி மேல் கேஸ் போட்டிருக்கிறேன். சமரச மையத்தில் பேசும்போது, என் மகள் கல்யாணத்துக்கு அவன் 2 லட்சம் கொடுத்ததைச் சொல்லிவிட்டேன். அதை ஜட்ஜிடம் சொல்வேன் என்கிறான். 'வீட்டைக் கொளுத்திடுவேன்' என்றும் கத்தினான். சமரசர் எதையும் வெளியே சொல்ல மாட்டாரா?

பதில்: 2 லட்சத்தைப் பற்றி அவர் சொல்ல மாட்டார். சமரசம் முடிந்ததா, முடியவில்லையா என்பதற்கு மேல் கோர்ட்டுக்கு ஒரு வரி எழுதக்கூடாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முடிந்திருந்தால் கையெழுத்தான ஒப்பந்தம் போகும், அவ்வளவுதான். "சமரசத்தில் ஒப்புக்கொண்டீர்களே?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், உங்கள் வக்கீல் உடனே ஆட்சேபிக்க வேண்டும். இன்றைக்கே அவரிடம் சொல்லி வையுங்கள்.

ஆனால் மறைவது பேச்சுதான், பணம் கைமாறிய விஷயம் மறையாது. தம்பி பாங்க் வழியாகப் போட்டிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்டைத் தாராளமாகத் தாக்கல் செய்வார். "தம்பி பணம் கொடுத்தாரா?" என்று கூண்டில் நேராகக் கேட்டால் நீங்கள் பொய் சொல்லவும் முடியாது.

இதைவிட எனக்குப் பயம், கோர்ட் வாசலில் நின்று "நானே பேசி முடிச்சுத் தரேன்" என்று வரும் ஆட்கள்தான். அது கட்டப்பஞ்சாயத்து. அங்கே சொன்னதற்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது; பேரம் படியாவிட்டால் அந்த ஆளே எதிர்த்தரப்புச் சாட்சியாக வருவார். 'சும்மா ஒரு கையெழுத்து' என்று வெற்றுப் பத்திரத்தை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் அந்த மிரட்டல். குற்றம் செய்யப்போவதாகச் சொல்வதற்கு 2023 சமரசச் சட்டம் ரகசியக் காப்புத் தருவதில்லை. (அந்தச் சட்டத்தையும் ஒரே மூச்சில் அமல்படுத்தவில்லை. அக்டோபர் 2023-ல் சில பிரிவுகளை மட்டும் அறிவித்தார்கள். யாருக்காகக் காத்திருந்தார்களோ!) அதோடு, தீ வைக்கும் எண்ணம் ஒருவருக்கு இருப்பது தெரிந்தால் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிப்பது யாராக இருந்தாலும் கடமை என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 33-வது பிரிவு. சமரசருக்கும் அது பொருந்தும்.

கோபத்தில் கத்தியதெல்லாம் எண்ணம் ஆகிவிடாது. 'கொளுத்திடுவேன்' என்றவர் அடுத்த நிமிஷம் டீ குடித்துவிட்டுப் பங்கு பேசினால், சமரசர் அதை அந்த அறையிலேயே அடக்கிவிடுவார். "வெள்ளிக்கிழமை ராத்திரி ஆளைக் கூட்டிட்டு வரேன், கேனோட வரேன்" என்று நாளும் வழியும் சொன்னால் கதை வேறு. அப்போது அவர் வாய் மூடி இருக்கக்கூடாது.

உங்கள் தம்பி பேசியது எந்த ரகம் என்பது அங்கே இருந்த உங்களுக்குத்தான் தெரியும். நிஜமாகவே பயமாக இருந்தால் சமரசருக்காகக் காத்திருக்காமல் உங்கள் ஏரியா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். புகாரில் மிரட்டலை மட்டும் எழுதுங்கள். யார் எவ்வளவு பங்கு கேட்டார்கள் என்பதை எழுதினால், ரகசியத்தை உடைத்தவர் நீங்களாகிவிடுவீர்கள்.