சேற்றுக் கோரில் கார்பன் கணக்கு: கேள்வி பதில்

ஆய்வு மாணவி, தரமணி: அக்கா, பிச்சாவரத்தில் குழாய் இறக்கி எடுத்த சேற்று உருளை, அதாவது கோர். ஒரு துண்டில் எரிப்பு இழப்பு, அதாவது உலர்ந்த சேற்றை மஃபிள் ஃபர்னஸ் என்ற உலையில் எரித்தால் குறையும் எடை, 6 சதவீதம். கையேட்டுச் சமன்பாட்டில் போட்டால் ஆர்கானிக் கார்பன் 5.4 வருகிறது. கைடு "இவ்வளவு இருக்காது" என்கிறார். எங்கே தப்பு பண்ணினேன்?

நீ கணக்கில் தப்பவில்லை. சமன்பாடுதான் உன் சேற்றுக்கானது இல்லை. நீ போட்டது இதுதானே, OC என்பது ஆர்கானிக் கார்பன், LOI என்பது எரிப்பு இழப்பு:

```
OC% = 0.415 × LOI% + 2.89
```

இதில் எரிப்பு இழப்பு பூஜ்யம் என்று போட்டுப் பார். 2.89 சதவீதம் கார்பன் வருகிறது! அதாவது, சூளையில் வெந்த செங்கல்லைப் பொடித்துக் கொடுத்தாலும் இந்தச் சமன்பாடு அதில் கார்பன் இருப்பதாகச் சொல்லும். பசிபிக்கில் பலாவ் தீவின் அலையாத்திச் சேற்றை அளந்து போட்ட கோடு இது. அங்கே வேரும் மட்கும் மண்டிய சேறு, எரிப்பு இழப்பே பெரிய எண்ணாக வரும். அந்த அளவில் 2.89 பெரிதாகத் தொந்தரவு செய்யாது. பிச்சாவரத்தில் இருப்பது ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களிமண்ணும். எரிப்பு இழப்பு உன்னுடையதைப் போல 6 ஆக இருக்கும்போது, விடையில் பாதிக்கு மேல் அந்த 2.89தான்.

இன்னொன்றும் உண்டு. களிமண் கனிமங்கள் தங்களுக்குள் பிடித்துவைத்த நீரை 105 டிகிரியில் உலர்த்தினாலும் விடாது. மஃபிள் ஃபர்னஸ் 450, 550 போகும்போது விடும். தராசுக்கு அது நீரா, இலை மட்கா என்று தெரியாது. எனவே களிச்சேற்றுக்குக் கோடு வரைந்தால், 2.89 இருக்கும் இடத்தில் வரும் எண்ணான வெட்டுப்புள்ளி பூஜ்யத்துக்குக் கீழேதான் வர வேண்டும், மேலே அல்ல.

உன் கோரிலேயே மேலிருந்து அடிவரை பரவலாகப் பதினைந்து, இருபது துண்டுகளைப் பொறுக்கி, கார்பனை நேரடியாக அளக்கும் சிஎச்என் அனலைசரில் கொடு. அந்த எண்களை எரிப்பு இழப்புக்கு எதிரே வரைந்து உன் சொந்தக் கோட்டைப் போடு. மீதித் துண்டுகளுக்கு அதைப் பயன்படுத்து. செலவுதான், ஆனால் எல்லாத் துண்டையும் அனலைசரில் ஓட்டுவதைவிடக் குறைவு.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். குழாயின் உள்விட்டம் 5 செ.மீ., துண்டு 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கன அளவு சுமார் 98 க.செ.மீ. 60 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தியபின் 88.4 கிராம் என்றால் பல்க் டென்சிட்டி, அதாவது ஒரு க.செ.மீ. சேற்றின் உலர் எடை, 0.90 கிராம். அனலைசர் 1.9 சதவீதம் என்று சொல்கிறது என்று வை:

```
0.90 × 0.019 × 5 × 100 = 8.6 டன்/ஹெக்டேர்
0.90 × 0.054 × 5 × 100 = 24.3 டன்/ஹெக்டேர்
```

இரண்டாவது வரி கையேட்டுச் சமன்பாடு. கடைசி 100 என்பது ச.செ.மீ.க்குக் கிராமை ஹெக்டேருக்கு டன்னாக மாற்றுவது. ஒரே துண்டு, கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். உன் கைடு சொன்னது சரி.

களப்பணியாளர், மேடவாக்கம்: குழாயை அடித்து இறக்கும்போது சேறு அமுங்குமே, அதை விட்டுவிட்டீர்களே மேடம். 100 செ.மீ. இறக்கினால் உள்ளே 80 செ.மீ.தான் இருக்கும். நாங்கள் பல்க் டென்சிட்டியை 0.8 ஆல் பெருக்கிவிடுவோம்.

பாதி சரி சார். டென்சிட்டியை 0.8 ஆல் பெருக்கினால், துண்டின் தடிமனை 0.8 ஆல் வகுக்கவும் வேண்டும். 5 செ.மீ. துண்டு உண்மையில் 6.25 செ.மீ. சேறு. இரண்டையும் செய்தால் பெருக்கல் பழைய விடைக்கே வந்துவிடும், ஏனென்றால் அமுங்கினாலும் கார்பன் எங்கும் போய்விடவில்லை. நீங்கள் சொன்னபடி ஒன்றை மட்டும் செய்தால் குழாயின் மொத்தத்தில் 20 சதவீதம் காணாமல் போகும்.

திருத்தம் எங்கே உதவும் என்றால், "மேல் 50 செ.மீ.யில் இவ்வளவு" என்று அறிக்கை எழுதும்போது. அமுங்கிய குழாயில் அது 40 செ.மீ.யிலேயே முடிந்துவிடும். அதுவும் சீராக அமுங்கினால்தான். மேலே கூழாக இருக்கும் சேறு அதிகம் அமுங்கும், அடிக்களி அசையாது. ஒரே 0.8 ஐ எல்லாத் துண்டுக்கும் போடுவது ஒரு சமரசம்தான்.

குழாயை வெளியே இழுப்பதற்கு முன்பே, உள்ளே சேறு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, வெளியே எந்த மட்டம் என்று டேப் விட்டு அளந்துவிடுங்கள். இழுத்தபின் அளந்தால், அடியில் நழுவி விழுந்த சேறும் "அமுக்கம்" கணக்கில் சேர்ந்துவிடும். விழுந்தது நிஜமான இழப்பு, அதைத் திருத்த முடியாது.

தோப்புக்காரர், கோவளம்: மண் பரிசோதனை அட்டையில் ஆர்கானிக் கார்பன் 0.6 என்று போட்டிருக்கிறார்கள். என் தென்னந்தோப்பிலும் ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று சொல்லலாமா?

அட்டை மட்டும் போதாது ஐயா, பல்க் டென்சிட்டி வேண்டும். மணல் மண் 1.5 என்று வைத்தால் மேல் 15 செ.மீ.க்குச் சுமார் 13.5 டன். அதற்குக் கீழே அட்டை எதுவும் சொல்லாது. மண் பரிசோதனை நிலையங்கள் பெரும்பாலும் செய்வது டைக்ரோமேட் முறை, கார்பனோடு வினைபுரிந்து எவ்வளவு டைக்ரோமேட் தீர்கிறது என்று பார்ப்பது. இதைப் படித்துவிட்டு அலையாத்திச் சேற்றை யாரும் அங்கே கொண்டுபோக வேண்டாம். கடலுப்பின் குளோரைடும் டைக்ரோமேட்டைத் தின்னும், கார்பன் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

முதுகலை மாணவர், தொண்டியில் களப்பணி: பாக் விரிகுடாக் கடற்புல் கோர். கிளிஞ்சல் நிறைய. அமிலத்தில் கழுவிவிட்டுத்தான் அனலைசரில் கொடுத்தேன். 2 சதவீதம் வந்தது. அப்படியே போடலாமா?

கழுவியது சரி, இல்லாவிட்டால் கிளிஞ்சலின் சுண்ணாம்பிலுள்ள கார்பனும் சேர்ந்துவிடும். கழுவுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தாயா தம்பி? கிளிஞ்சல் கரைந்து 10 கிராம் 4 கிராம் ஆகியிருந்தால், அந்த 2 சதவீதம் மிஞ்சிய 4 கிராமுக்கு உரியது. உன் பல்க் டென்சிட்டியோ கிளிஞ்சலோடு அளந்தது. எனவே 2 × 0.4 = 0.8 சதவீதம்தான் பெருக்க வேண்டிய எண். முன் எடை குறிக்காவிட்டால் மீதி மாதிரியில் இன்னொரு தடவை கழுவு, வேறு வழியில்லை. ஊற்றும்போது நுரை நிற்கும்வரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடு.

எண்ணூர்வாசி: எங்கள் கழிமுகச் சேறு மை மாதிரி கறுப்பு. அப்படியானால் நிறைய கார்பன் என்றுதானே அர்த்தம்?

நிறத்தை நம்ப முடியாது அண்ணா. காற்றில்லாத சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்தாலே கறுப்பு. ஒரு பிடியைத் தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள், கறுப்பு வெளுத்துச் சாம்பல், பழுப்பு என்று மாறினால் அது இரும்பின் வேலை.

எண்ணூரில் இன்னொரு சிக்கல், அனல்மின் நிலையச் சாம்பல். அதில் எரியாத நிலக்கரித் துகள் மிஞ்சியிருக்கும். ஃபர்னஸில் அது எரிந்து எடை குறையும், சிஎச்என் அனலைசரும் அதைக் கார்பன் என்றே எண்ணும். அலையாத்தி பிடித்துவைத்ததோடு அதைச் சேர்க்கக் கூடாது.

ஆய்வு மாணவி, தரமணி: அப்போது பிரிப்பது எப்படி அக்கா?

மைக்ரோஸ்கோப்பில் உருண்டையான கண்ணாடிக் குண்டுகள் தெரிந்தால் சாம்பல் இருக்கிறது என்று உறுதி. ஆனால் எவ்வளவு என்று அது சொல்லாது. அந்தக் குண்டுகளில் சில உள்ளே வெற்று, பல்க் டென்சிட்டியையும் குறைத்துக் காட்டும். நைட்ரஜனுக்குக் கார்பன் எத்தனை மடங்கு என்று பார்ப்பதில் ஒரு துப்பு கிடைக்கலாம், எரியாமல் மிஞ்சிய நிலக்கரியில் நைட்ரஜன் குறைவு. ஆனால் அலையாத்தி வேரிலும் குறைவுதான், அதனால் அதை மட்டும் வைத்து நான் கையெழுத்துப் போட மாட்டேன். எண்ணூர்த் துண்டுகளைத் தனி அட்டவணையில் வை, பிச்சாவரக் கோட்டை அவற்றுக்குப் போடாதே.