கிளென் ஒப்பரேஷன் செய்த பிள்ளை வளர வளர ஏன் நீலமாகிறது?

"மகளுக்கு ஒரேயொரு இதயவறைதான். எட்டு மாதத்தில் கிளென் செய்தார்கள். இப்போது மூன்றரை வயது, உதடு முன்பைவிட நீலமாகத் தெரிகிறது. ஒப்பரேஷன் சரிவரவில்லையா? அடுத்ததும் கட்டாயமா?"

பெரும்பாலும் சத்திரசிகிச்சையில் பிழை இருக்காது. பிள்ளையின் கால்கள் வளர்ந்ததுதான் முதற்காரணமாக இருக்கும். நான் வைத்தியன் அல்லன். முக்கூர் வால்வு உருவாகாமலே பிறந்த ஒரு பையனின் தகப்பன், அவ்வளவுதான். ஆனால் கிளினிக் வரிசையில் இதே கேள்வியோடு கலங்கி நிற்கும் தாய்மாரைப் பல தடவை கண்டதால், எங்களுக்கு விளக்கப்பட்டதை எழுதுகிறேன்.

கிளென் என்பது தலை, கைகளிலிருந்து திரும்பும் மேற்பெருநாளத்தை இதயத்தைத் தொடாமல் நேராக நுரையீரல் நாடியில் பொருத்துவது. வயிறு, கால்களின் குருதி பழையபடி இதயத்துக்கே வந்து, சுத்தமான குருதியோடு கலந்து உடலுக்குப் போகிறது. கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கால் சிறிது. ஆகையால் திரும்பும் குருதியில் ஏறத்தாழப் பாதி மேலிருந்து வருகிறது. நுரையீரலிலிருந்து வரும் குருதியின் ஒட்சிசன் அளவு நூற்றுக்கு 98, கீழிருந்து வருவதில் 60 என்று வைத்துச் சரிபாதியாகக் கலந்தால் ஒட்சிசன் அளவு 79 வரும். பிள்ளை ஓடியாடத் தொடங்கியபின் மேற்பங்கு நூற்றுக்கு நாற்பதாகக் குறைந்து, கீழிருந்து வருவதும் 50க்கு இறங்கினால், அதே கணக்கு 70க்கு அருகில் போய் நிற்கும். தையல் எதுவும் அவிழவில்லை, பங்குதான் மாறிவிட்டது.

எல்லா நீலத்தையும் வளர்ச்சியின் கணக்கில் எழுதிவிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். மேற்பகுதியில் அழுத்தம் கூடும்போது, குருதி நுரையீரலுக்குப் போகாமல் கீழ்நோக்கிக் கள்ளவழி நாளங்களைத் திறந்துகொள்வதுண்டு. அதைவிட விசித்திரமானது, கல்லீரலிலிருந்து வரும் குருதி நுரையீரலுக்குப் போகாதபோது அங்கே நாடியையும் நாளத்தையும் நேரடியாக இணைக்கும் சிறு குழாய்கள் முளைப்பது. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கதீற்றர் செலுத்தி, சாயம் ஏற்றிப் படமெடுத்தால்தான் தெரியும். கிளெனுக்கு அடுத்த, மூன்றாவது கட்டத்துக்கு முன் அந்தப் பரிசோதனையைச் செய்வது இதற்காகவும்தான்.

அந்த மூன்றாவது கட்டம் ஃபோன்டன். கீழ்ப்பெருநாளத்தையும் 18 அல்லது 20 மில்லிமீற்றர் அகலமுள்ள செயற்கைக் குழாயொன்றால், இதயத்துக்கு வெளியே கொண்டுபோய் நுரையீரல் நாடியில் இணைக்கிறார்கள். கல்லீரலின் குருதியும் அப்போது நுரையீரலைச் சேருகிறது. அதன்பின் நுரையீரலுக்குக் குருதியைத் தள்ள எந்த அறையும் இல்லை. மேட்டிலிருந்து பீலிக்குத் தண்ணீர் இறங்குவதுபோல, நாளத்தில் உள்ள அழுத்தத்தாலும் மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் உறிஞ்சலாலும்தான் அது ஓடவேண்டும். ஆகவேதான் கதீற்றரில் நுரையீரல் நாடியின் அழுத்தத்தை அவ்வளவு கவனமாக அளக்கிறார்கள். அது இரச அளவில் 15 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் தயங்குவார்கள். பிறந்தவுடனேயே எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்யாததற்கும் அதுவே காரணம்: பச்சிளங் குழந்தையின் நுரையீரல் நாடிகள் இறுக்கமானவை, தள்ளுவாரில்லாமல் குருதி உள்ளே போகாது.

எங்கள் பையனுக்கு அந்தக் குழாயில் 4 மில்லிமீற்றர் துளையொன்று விட்டார்கள். அழுத்தம் கூடினால் கொஞ்சம் குருதி அதன் வழியாக இதயத்துக்குள் தப்பிப் போகும். ஒட்சிசன் சற்றுக் குறைந்தாலும் உடலுக்குப் போகும் குருதி குறையாது. சத்திரசிகிச்சையைவிட எங்களை வாட்டியது அதற்குப் பின் நெஞ்சில் சேர்ந்த நீர். விலாவுக்குள் வைத்த குழாயிலிருந்து தெளிவாக வடிந்தது ஒருநாள் பால்போல் வெளுத்தது. கொழுப்புக் கலந்த நிணநீர் கசிகிறது என்று சொல்லி எண்ணெய், தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அது வற்றும்வரை வீட்டுக்கு விடவில்லை. நாளங்களில் அழுத்தம் ஆயுளுக்கும் உயர்ந்தே இருப்பதால் கல்லீரலையும் தொடர்ந்து பார்க்கவேண்டும். ஃபோன்டன் குணமாக்கும் சிகிச்சை அல்ல. ஆனாலும் கிளெனோடு நிறுத்துவது அதைவிட மோசம் என்பது என் முடிவு.

நுவரெலியாப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் காற்றில் ஒட்சிசன் குறைவு. அது நுரையீரல் நாடிகளையும் சற்று இறுக்கும். கொழும்புக் கிளினிக்கில் காட்டிய ஒட்சிசன் எண்ணைவிட வீட்டில் குறைவாகக் காட்டினால் உடனே பதறவேண்டாம். ஆனால் வீட்டில் வழக்கமாக வரும் எண்ணைக் குறித்து வைத்து, அதைவிட இறங்கினால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

என் மனக்குறை இதுதான். ஃபோன்டனுக்கு முன் ஒருமுறை எங்கள் பையனை வயிற்றோட்டத்துக்குப் பக்கத்து வைத்தியசாலையொன்றுக்குக் கொண்டுபோனபோது, அவனுடைய வழக்கமான 78ஐக் கண்டு எல்லோரும் ஓடினார்கள். உண்மையில் ஆபத்தான நீரிழப்பை யாரும் கவனிக்கவில்லை. கிளென் பிள்ளையின் குருதி ஏற்கெனவே தடித்தது. நீர் குறைந்தால் அது உறையலாம், நுரையீரலுக்கு ஓட்டமும் குறையும். பிறகு காலில் சேலைன் ஏற்ற வந்த தாதி குழாயிலிருந்த காற்றுக்குமிழைத் தட்டிவிடாமலே பூட்டப் போனார். கால் நாளத்தில் போகும் குமிழ் இந்தப் பிள்ளைகளுக்கு நுரையீரலில் வடிகட்டப்படாமல் இதயம் வழியாக நேரே மூளைக்குப் போகலாம். ஆகவே உங்கள் வைத்தியரிடம் கேட்டு, மகளின் வழக்கமான ஒட்சிசன் அளவு, கிளென் செய்த விவரம், "குமிழ் இல்லாமல் ஏற்றவும்" என்ற வரி ஆகியவற்றைச் சிங்களத்திலும் தமிழிலும் ஓர் அட்டையில் எழுதி வாங்கி, கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.