போக்கிய வீட்டில் வாடகையில்லாமல் இருக்கலாமா?

தோல் மண்டியில் ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. கூடுமா? (வாணியம்பாடி)

கூடும். 60 நாள் கடன், இன்ன விலை என்று ஒரே விலையை முடிவு செய்துவிட்டுத்தான் சரக்கு மண்டியைவிட்டுக் கிளம்ப வேண்டும். 60 நாள் 90 ஆனது என்பதற்காக ஒரு ரூபாய் ஏற்றினாலும் அது வட்டி. பேசியதை எழுதி வையுங்கள்.

சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியைப் பள்ளிவாசலுக்குக் கொடுக்கலாமா? (பேரணாம்பட்டு)

வேண்டாம். நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள். ஜகாத்தில் கழிக்காதீர்கள்.

ரூ.6 லட்சம் கொடுத்து 3 வருடப் போக்கியத்தில் குடியிருக்கிறோம். வாடகை கிடையாது, முடிவில் பணம் முழுதாகத் திரும்பிவிடும். வீட்டுக்காரருக்கும் சம்மதம். இதில் என்ன தவறு? (ஆம்பூர்)

கறிக்கடையில் அறுத்தது யார் என்று விசாரித்து வாங்குகிற நம் ஆட்கள், போக்கியப் பத்திரத்தில் யோசிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். பல வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முழுதாகத் திரும்பி வரும் பணத்துக்குப் பெயர் கடன். கடன் கொடுத்தவர் அதற்காகப் பெறும் ஆதாயம் வட்டி. உங்கள் தெருவில் அந்த மாதிரி வீட்டுக்கு என்ன வாடகை என்று நீங்கள் எழுதவில்லை. கணக்குக் கேட்கிறவர்கள் தொகையை முழுதாக எழுத வேண்டாமா? ரூ.7,000 என்று வைத்துக்கொள்கிறேன். 36 மாதத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம். வட்டியைக் கையில் வாங்காமல் வீடாக அனுபவிக்கிறீர்கள், அவ்வளவுதான். சம்மதம் இதை ஹலாலாக்காது. வட்டிக்கு வாங்குகிறவரும் சம்மதித்துத்தான் வாங்குகிறார். ஒப்புக்கு மாதம் ரூ.500 வாடகை என்று எழுதிக்கொள்வதும் தீர்வாகாது, மீதி ரூ.6,500 கடனுக்கான ஆதாயமாகவே நிற்கும்.

வீட்டைக் காலி செய்யாமலே சரிசெய்ய வழி இருக்கிறது. வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பழைய பத்திரத்தை ரத்து செய்துவிட்டு, ஊர் நிலவரப்படி வாடகை பேசுங்கள். கொடுத்த பணத்தை முன்வாடகையாக வைத்து மாதாமாதம் கழித்து வரட்டும். 3 வருடமும் கழிந்தால் ரூ.2,52,000 போக ரூ.3,48,000 உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். இடையில் காலி செய்தால் கழியாத பணம் முழுவதும் உங்களுடையது. ஏற்கெனவே குடியிருந்த மாதங்களுக்கும் வாடகை போட்டுக் கழித்துவிடுவது பேணுதல். இதையும் எழுதி, இரண்டு சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். அல் பகரா 282ஆம் வசனம் கடனை எழுதிவைக்கச் சொல்கிறது, வாய்ப்பேச்சை நம்பிப் பிறகு ஜமாஅத்தில் வந்து நிற்காதீர்கள்.

சீட்டு ஹலாலா? (மேல்விஷாரம்)

எந்தச் சீட்டு என்று எழுத வேண்டாமா? எல்லோரும் ஒரே தொகை கட்டி, குலுக்கலில் முறைவைத்து, கட்டியதையே எடுத்தால் தடையில்லை. ஏலச்சீட்டில் தள்ளி எடுக்கிறவர் விட்டுக்கொடுக்கும் தொகை கழிவாக மற்றவர்களுக்குப் போகிறது. அதில் சேராதீர்கள்.