மகள் என்ற வரியை அடித்துவிடுங்கள்

கேள்வி: ஆவணியில் என் மகனுக்குக் கல்யாணம். பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள், நல்ல பெண். ஆனால் போனில் பேசினாலே குரல் நடுங்குகிறது. "எனக்குப் பயமா இருக்கு அத்தை" என்று ஒருநாள் சொல்லியும்விட்டாள். தைரியம் சொல்லி ஒரு கடிதம் எழுதலாம் என்று, "நீ எனக்கு மருமகள் இல்லை, மகள்" என்று ஆரம்பித்திருக்கிறேன். அப்புறம் என்ன எழுதுவது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் அந்த முதல் வரியை அடித்துவிடுங்கள். நிச்சயதார்த்தம் ஆன நாளிலிருந்து இதே வரியை அந்தப் பெண் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாளோ! உங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு எழுந்து, "என்னம்மா, மறுபடியும் உப்புமாவா?" என்று முகம் சுளிப்பாள். மருமகள் அதைச் செய்ய முடியுமா? முடியாது என்று உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படியிருக்க அந்த வரி தைரியம் தராது. இவர்கள் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது என்ற சந்தேகத்தைத்தான் தரும்.

பாசம் கிடைக்குமா என்பது அவளுடைய பயத்தில் பாதிகூட இருக்காது. உங்கள் வீட்டின் நடைமுறை அவளுக்குத் தெரியாது, அதுதான் பயம். எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் என் மனைவி நான்கரை மணிக்கே விழித்துவிட்டாள். வெளியே போனால் அடுப்படியில் என்ன செய்ய வேண்டும், யாரைக் கேட்டுக் குளிக்க வேண்டும், வாசல் தெளிப்பது யார், ஒன்றும் தெரியாது. ஏழு மணிவரை கட்டில் நுனியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். வெளியே என் அம்மா, "புதுப்பெண் ஏழு மணிவரை தூங்குது" என்று சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் மீதும் தப்பில்லை. ஆனால் அந்த ஏழு மணி எங்கள் வீட்டில் பத்து வருஷம் ஓடியது.

அதனால் கடிதத்தில் முதல் காலையை எழுதுங்கள். யார் எத்தனை மணிக்கு எழுவார்கள், பால் எப்போது வரும், முதல் காபி யார் போடுவார்கள், ஹீட்டர் சுவிட்ச் எங்கே இருக்கிறது. குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் வர வேண்டும் என்பது உங்கள் வழக்கமானால் அதையும் எழுதிவிடுங்கள். கண்டிப்பாக இருப்பது பரவாயில்லை, அவளாக ஊகிக்கும்படி விடுவதுதான் கொடுமை. உடையைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாமனார் பேப்பர் படிக்கும் கூடத்துக்கு நைட்டியோடு வரலாமா, மேலே துண்டு போட வேண்டுமா, சுடிதார் போதுமா? புதுப்பெண்கள் தோழிகளிடம் கேட்டுக் குழம்புவது இதைத்தான். இரண்டு வரியில் தீர்த்துவிடலாம். உங்கள் மகனை அவள் இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள் என்று நினைக்கிறேன். வீட்டில் பாட்டி இருந்தால், பாட்டி முன்னால் எப்படிக் கூப்பிடுவது என்பதும் அவளுக்கு ஒரு கவலைதான்.

அடுத்தது மாதவிலக்கு. முகூர்த்த நாளில் வந்துவிடுமோ என்ற பயம் பல பெண்களுக்கு இருக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. தள்ளிப்போட வழக்கமாகக் கொடுப்பது நோரெத்திஸ்டிரோன் என்கிற மாத்திரை. எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பித்து, விடாமல் போட வேண்டும். முந்தின நாள் ராத்திரி அவசரமாகப் போட்டால் பலன் நிச்சயமில்லை. ரத்தக்கட்டு வந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் போடவே கூடாது. இன்னொன்று, நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அதாவது மண்டபத்தில் தப்பித்து, சரியாக உங்கள் வீட்டில் இருக்கும்போதோ மறுவீட்டின்போதோ வரும். ஆகவே, "தேதி இடித்தால் பயப்படாதே, தள்ளிப்போட நினைத்தால் டாக்டரைப் பார்க்காமல் மாத்திரை போடாதே, எங்கள் வீட்டில் அந்த நாட்களில் இப்படித்தான்" என்று எழுதுங்கள். அந்த "இப்படித்தான்" என்ன என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். தனியாக உட்கார வேண்டாம் என்று நீங்கள் எழுதி, பாட்டி பாயை எடுத்துப் போட்டால், அந்தக் கடிதத்தின் மற்ற வரிகளையும் அவள் நம்பமாட்டாள்.

மண்டபத்தைப் பற்றி நிறைய வேண்டாம், அதை அவள் அம்மா சொல்லிக்கொடுப்பார். உங்கள் பக்கத்து விஷயங்களை மட்டும் சொல்லுங்கள். கூறைப்புடவை மாற்றும் அறைக்குள் உங்கள் தரப்பிலிருந்து யார் வருவார்கள்? நாத்தனார் முடிச்சு போடப்போவது யார்? மெட்டி நீங்கள் வாங்குவதானால் இப்போதே விரலில் நூல் சுற்றி அளவு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இறுக்கமான மெட்டி முதல் இரண்டு நாளில் விரலை வெட்டிவிடும். வலிக்கிறது என்று புதுப்பெண் சொல்லவும் மாட்டாள், நொண்டி நொண்டி நடப்பாள். வாய் விரிந்த மெட்டியாக வாங்கினால் நெகிழ்த்திக்கொள்ளலாம்.

எழுதக் கூடாததும் உண்டு. சீர், நகை, பாத்திரம் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம், "எங்களுக்கு எதுவும் வேண்டாம்" என்ற பெருந்தன்மையும் வேண்டாம். இந்தக் கடிதத்தை அவள் அம்மா கட்டாயம் படிப்பார், அவருக்கு அது குத்தலாகத் தெரியும். "உன்னை வேலைக்கு அனுப்புவோம்" என்றும் எழுதாதீர்கள். அவள் இப்போதே போய்க்கொண்டுதான் இருக்கிறாள், அனுப்ப நீங்கள் யார்?

நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

"உனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னாய். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கும் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. நம் வீட்டில் நான் ஐந்தரைக்கு எழுவேன், மாமா ஆறு மணிக்கு. முதல் காபி நான்தான் போடுவேன், அதில் யாரையும் விடமாட்டேன். நீ ஏழு மணிவரை தூங்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதற்கு முன் விழித்தால் அடுப்படிக்கு வா, உனக்கும் ஒரு டம்ளர் இருக்கும். கூடத்துக்குச் சுடிதாரில் வரலாம். நைட்டி மட்டும் வேண்டாம், மாமா கூச்சப்படுவார். உங்கள் அறை அலமாரியில் மேல் இரண்டு தட்டும் காலியாக இருக்கின்றன, சாவி உன்னிடம்தான் இருக்கும். சாம்பார் நம் வீட்டில் கொஞ்சம் காரம். உனக்குப் பிடிக்காதது என்னவென்று சொல்லிவிடு, முதல் வாரம் அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் கோபம் வரும், அரை மணியில் போய்விடும். அந்த அரை மணி நேரம் பதில் சொல்லாமல் இருந்தால் போதும்."

கடைசி இரண்டு வரியைப் பார்த்து உங்களுக்கு முகம் சுருங்கலாம். ஆனால் அவள் உங்களை நம்ப ஆரம்பிப்பது அந்த வரிகளில்தான். உங்களுக்குக் கோபமே வராது என்றால் எழுத வேண்டாம் (வராத மாமியாரை நான் பார்த்ததில்லை).

ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். கையால் எழுதி, கல்யாணத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே அவள் பெயருக்குத் தபாலில் அனுப்புங்கள். கடைசி இரண்டு நாளில் கொடுத்தால் மருதாணிக் கையோடு யார் பிரிப்பது? மகன் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். அவன் வழியிலேயே பிரித்துப் படித்துவிட்டு, "அம்மா என்னமோ நைட்டி பற்றி எழுதியிருக்காங்க" என்று போனில் சொல்லிவிடுவான்.