பெல்லோஷிப்பும் சம்பளமும் ஒரே வருடத்தில் வந்தால்: பிஎச்.டி. முடித்த மகளின் அப்பாவுக்கு

ஐயா, வணக்கம். உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். மகள் 2025 செப்டம்பர் வரை பிஎச்.டி. மாணவியாக எஸ்.ஆர்.எஃப். என்ற ஆய்வு பெல்லோஷிப்பாக மாதம் 42,000 ரூபாய் வாங்கினாள், அக்டோபரில் மாதம் 1,95,000 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், இரண்டையும் கூட்டி வரி கட்ட வேண்டும் என்று உறவினர் ஒருவர் சொல்லி உங்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார். கூட்ட வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொண்டால் நாளை யார் கேட்டாலும் நீங்களே பதில் சொல்லலாம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆறு மாதச் சம்பளம் 11,70,000. நிலையான கழிவு 75,000 போனால் 10,95,000. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு, அதனால் வரி பூஜ்யம். இதோடு ஆறு மாத பெல்லோஷிப் 2,52,000 ரூபாயையும் சம்பளம் என்று சேர்த்தால் 13,47,000 ஆகிவிடும். 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய், நான்கு லட்சத்துக்கு மேலிருந்து படிப்படியாக வரி ஏறி 82,050 வரும், நான்கு சதவீத செஸ்ஸையும் சேர்த்தால் 85,332 ரூபாய். ஒரே பணத்தை எந்தக் கட்டத்தில் எழுதுகிறோம் என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம்.

பெல்லோஷிப் எந்தக் கட்டத்தில் வரும்? வருமான வரிச் சட்டம், 1961-இன் 10(16) பிரிவு ஒரே வாக்கியம். படிப்புச் செலவைச் சமாளிக்க வழங்கப்படும் உதவித்தொகை மொத்த வருமானத்தில் சேராது, அவ்வளவுதான். யார் கொடுத்தது, எவ்வளவு என்றெல்லாம் அதில் வரம்பு இல்லை. (ஏப்ரல் 2026 முதல் புதிய சட்டம் வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆனால் உங்கள் மகளின் 2025-26 கணக்கு பழைய சட்டத்தில்தான் வரும்.) படிப்புச் செலவு என்றால் கட்டணம் மட்டும்தானா, ஹாஸ்டல் சாப்பாடு, பஸ், புத்தகம் எல்லாம் சேருமா என்று பழைய வழக்கு ஒன்றில் கேள்வி எழுந்தபோது, கர்நாடக உயர் நீதிமன்றம் படிப்போடு ஒட்டிவரும் மற்ற செலவுகளும் அதில் அடங்கும் என்றது. அதனால் மகள் மிச்சம் பிடித்து ஆர்.டி. போட்டிருந்தாலும் அந்த உதவித்தொகைக்கு வரி வராது. அந்த ஆர்.டி. தரும் வட்டிக்கு மட்டும் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் உறவினரின் வாதத்துக்கு வருவோம். "கைக்குக் காசு வருகிறது, அப்புறம் ஏன் வரி இல்லை, கூலி வேலை செய்கிறவர் மட்டும் இளிச்சவாயரா?" என்று கேட்டாராம். கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு மாணவிகளை நினைத்துப் பாருங்கள். ஒருத்திக்கு அப்பா மாதம் 40,000 அனுப்புகிறார், அது அவளுக்கு வருமானம் என்று யாரும் வரி கேட்பதில்லை. இன்னொருத்தி அரசுக் கல்லூரியில் படிக்கிறாள், அவளுக்கு ஆகும் உண்மையான செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது, அந்தச் சலுகைக்கும் வரி இல்லை. அப்படியிருக்க, வசதியில்லாத வீட்டிலிருந்து வந்து தேர்வெழுதி உதவித்தொகை வாங்கியவளிடம் மட்டும் வரி கேட்டால், அப்பா பணக்காரராக இல்லாததற்கு அபராதம் போட்ட மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு காரணம், என் பார்வையில் இதைவிட வலுவானது. கடை வைத்திருப்பவர் தொழிலுக்காகச் செய்த செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குத்தான் வரி கட்டுகிறார். உங்கள் மகள் ஐந்து வருடம் படித்ததும் பின்னால் சம்பாதிப்பதற்கான செலவுதான், ஆனால் வேலைக்குச் சேர்ந்தபின் அதைச் சம்பளத்திலிருந்து கழிக்கச் சட்டம் விடாது. சம்பளம் முழுவதற்கும் வரி உண்டு. ஆகவே படிக்கும்போது வரும் உதவித்தொகையை விட்டுவைப்பது, பின்னால் தராத கழிவுக்கு ஒரு ஈடு. போதாதற்கு எஸ்.ஆர்.எஃப். அரசுப் பணம், அதிலேயே வரி பிடித்தால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதைதான்.

எல்லாக் கல்விச் சலுகைக்கும் இதே நியாயம் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளின் கட்டணத்துக்கு 80சி, கல்விக்கடன் வட்டிக்கு 80இ என்று பெற்றோருக்கு இருக்கும் கழிவுகள் பழைய வரி முறையில் மட்டும்தான், அதுவும் வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதிப்பவருக்குத்தான் உதவும். முப்பது சதவீத வரியில் இருப்பவருக்கு ஒரு லட்சம் வட்டியில் முப்பதாயிரம் மிச்சம், வரியே கட்டாத விவசாயிக்கு ஒன்றுமில்லை. உதவித்தொகை விலக்கில் இந்தக் கோணல் குறைவு, பணம் நேராகப் படிப்பவர் கைக்குப் போகிறது.

சரி, சிக்கல் எங்கே வரும்? உதவித்தொகை, ஸ்டைபண்ட் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. பட்டத்துக்குப் பதிவு செய்து படிப்பவருக்குப் படிப்புக்காகத் தரப்படுகிறதா, அல்லது வேலை வாங்கிக்கொண்டு அதற்குக் கூலியாகத் தரப்படுகிறதா என்பதுதான் கேள்வி. கம்பெனி இன்டர்ன்ஷிப்பில் மாதம் 25,000 ஸ்டைபண்ட் என்றால் பொதுவாக அது வேலைக்கான பணம், விலக்கு கேட்பது கடினம். பட்டம் முடித்தபின் போஸ்ட்டாக்காக வாங்குவதையும் அப்படித்தான் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். உங்கள் மகளின் எஸ்.ஆர்.எஃப். இதில் தெளிவாகப் படிப்பின் பக்கம் நிற்கிறது.

இப்போது அவள் செய்ய வேண்டியது. வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, கல்வி நிறுவனத்தின் பெயரில் வரி பிடித்தம் ஏதாவது காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நிம்மதி. பிரிவு எண் 192 என்று இருந்தால் நிறுவனம் அதைச் சம்பளமாகக் காட்டியிருக்கிறது. 194ஜே என்றால் தொழில்முறைக் கட்டணமாக நினைத்துப் பத்து சதவீதம் பிடித்திருக்கலாம், 2,52,000-க்கு அது 25,200 ரூபாய். இரண்டுமே கணக்குப் பிரிவில் மென்பொருளில் தவறான தலைப்பைத் தேர்ந்தெடுப்பதால் வரக்கூடியவை. முதலில் அங்கேயே எழுத்தில் கேட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும். திருத்தவில்லை என்றால் ரிட்டர்னில் பெல்லோஷிப்பை விலக்கு வருமானத்தின் கீழ் 10(16) என்று காட்டி, பிடித்த வரியைத் திரும்பக் கேட்கலாம். அதே தளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ் பக்கத்திலும் அந்தத் தொகைக்கு நேராக `Income is not taxable` என்று பதில் பதியலாம். வருமானம் காட்டாமல் பிடித்தத்தை மட்டும் கேட்பதாகக் கணினிக்குத் தோன்றினால் நோட்டீஸ் வரும், பயப்பட வேண்டாம், பெல்லோஷிப் ஆணை, பிஎச்.டி. பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் எடுத்து வைத்திருந்தால் பதில் சொல்லிவிடலாம்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. புதுக் கம்பெனியில் சேரும்போது முந்தைய வேலையின் சம்பளத்தைக் கேட்டு 12பி படிவம் தருவார்கள். விவரம் தெரியாமல் பெல்லோஷிப்பை அதில் எழுதினால் ஹெச்.ஆர். அதையும் சம்பளத்தோடு கூட்டி மார்ச்சுக்குள் அந்த 85,332-ஐப் பிடித்துவிடுவார்கள். அப்படி எழுதியிருந்தால், நிதியாண்டு முடிந்துவிட்டதால் இனிக் கம்பெனியால் திருப்பித் தர முடியாது, ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டும். எனவே ஃபார்ம் 16 கைக்கு வந்ததும் அதில் முந்தைய முதலாளி என்ற கட்டத்தில் 2,52,000 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.