சிங்கப்பூர் வெள்ளியை ஊருக்குக் கொண்டு போகிறவர்களுக்கு

கேள்வி: சிங்கப்பூரில் இருந்து திருச்சிக்கு 15,000 வெள்ளி ரொக்கமாகக் கொண்டு போக வேண்டும். ஏர்போர்ட்டில் சொல்லணுமா? சொன்னால் வரி போடுவார்களா?

வரி கிடையாது. ஆனால் சொல்லியே ஆக வேண்டும். வீட்டு வேலைக்கோ கல்யாணச் செலவுக்கோ கொண்டு போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. இதே தொகையை, இதே வழியில் கொண்டு போனவன், அவ்வளவுதான்.

முதலில் சிங்கப்பூர்ப் பக்கம். அங்கே 20,000 வெள்ளிக்கு மேல் போனால்தான் அறிவிக்க வேண்டும், உங்களுக்கு அது இல்லை. பலரும் அங்கே யாரும் கேட்கவில்லை என்ற நிம்மதியில் இங்கே வந்து மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியாவின் வரம்பு வேறு: நோட்டாக மட்டும் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, நோட்டும் டிராவலர்ஸ் செக்கும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ கஸ்டம்ஸிடம் கரன்சி டிக்ளரேஷன் ஃபார்ம் கொடுக்க வேண்டும். உங்கள் 15,000 வெள்ளி தாராளமாக அதைத் தாண்டும். எவ்வளவு கொண்டு வரலாம் என்பதற்கு உச்சவரம்பு எதுவும் இல்லை. எழுதிக் கொடுக்க வேண்டும், அதுதான் சட்டம்.

என் அண்ணனும் நானும் சேர்ந்து நடத்திய கடையை விற்றபோது என் பங்கு ரொக்கமாக வந்தது. ("வங்கி வழியாக அனுப்பியிருக்கலாமே" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: அனுப்பியிருக்கலாம். புதுக்கோட்டையில் வீட்டு வேலை ஆரம்பிக்கிற அவசரத்தில் கையோடு எடுத்துப் போனேன். கொண்டு போவது குற்றமில்லை.) திருச்சியில் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராகச் சிவப்பு வழிக்குப் போனேன். கூட வந்த மச்சான், "சும்மா பச்சையில வா மாப்ள, பாதியை அக்காகிட்ட குடுத்துடு" என்றார். வரம்பு ஆளுக்கு ஆள் தனிதான். ஆனால் பணம் முழுக்க என்னுடையது. அதிகாரி என் மனைவியிடம் "இது உங்க பணமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

அதிகாரி நோட்டுகளை எண்ணினார், பாஸ்போர்ட் எண், நாணயம், தொகை எல்லாம் எழுதி முத்திரை போட்டு என் பிரதியைக் கையில் கொடுத்தார். கடை விற்ற பத்திரத்தைக் காட்டினேன், ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தத் தாளின் அருமை அப்புறம்தான் தெரிந்தது. 8,000 வெள்ளியை என்ஆர்இ கணக்கில் போடப் போனேன். ரொக்கம் 5,000 டாலருக்கு மேல் என்றதும் வங்கியில் முதலில் கேட்டதே இந்த ஃபார்மைத்தான். அதற்குள் பங்காளித் தகராறில் வீட்டு வேலை நின்றுபோனது, மீதி 7,000 வெள்ளியைத் திரும்ப எடுத்துப் போக வேண்டி வந்தது. அதுவும் அன்றைய மதிப்பில் 5,000 டாலருக்குச் சற்று மேலே. வெளிநாட்டில் குடியிருப்பவர், தான் கொண்டு வந்து செலவாகாத பணத்தை எடுத்துப் போகலாம். ஆனால் அந்தத் தொகை என்றால் அறிவித்த சான்று வேண்டும். கிளம்பும்போது கைப்பை ஸ்கேனில் கட்டு தெரிந்து கூப்பிட்டார்கள். ஃபார்மை நீட்டினேன். தொகையைச் சரிபார்த்துவிட்டு "போங்க சார்" என்றார்கள். ஆகவே அந்தப் பிரதியைத் திரும்பி வரும்வரை தொலைக்காதீர்கள்.

அறிவிக்காமல் பிடிபட்டால் மகஜர் எழுதிப் பணத்தைப் பறிமுதல் செய்வார்கள். நோட்டீஸ், விசாரணை என்று இழுக்கும், அபராதமும் வரும். "நான் பல தடவை கொண்டு போனேன், ஒருத்தரும் கேட்கலை" என்பார்கள். கேட்காதது அவர்கள் அதிர்ஷ்டம்.

இந்திய ரூபாய் என்றால் கதையே வேறு, 25,000 வரைதான்.

அப்புறம், சாங்கியில் வரிசையில் நிற்கும்போது "அண்ணே, இந்தக் கவரை மட்டும் வெளியே ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்க" என்று வருவார்கள். வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே இருப்பது உங்கள் கணக்கில்தான் சேரும். இந்தக் குருவி வேலை பார்க்கிற நாலு பேரால், கப்பல் பட்டறையில் வெயிலில் நின்று சம்பாதித்துவிட்டு வருகிற பையன்களையெல்லாம் ஓரங்கட்டி ஷூவைக் கழற்றச் சொல்கிறார்கள். டை கட்டி வருகிறவரை யாரும் நிறுத்துவதில்லை. அதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள், அதற்குத் தனியாக எழுதுகிறேன்.